ஆயிரம் பேருக்கும் நன்றி, கையோடு திருத்திய பருத்திப்பால் செய்முறையும்

போன வாரம் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை 985-ல் வந்து நின்றபோது என் வீட்டுக்காரர், "மீனாட்சியம்மன் கோவில் ஆயிரங்கால் மண்டபத்துலயே 985 தூண்தான் இருக்கு, நீ இன்னிக்கே நன்றி சொல்லிரு, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். மதுரைக்காரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மிச்சம் 15 பேருக்காக மூன்று நாள் பொறுத்திருந்தேன். நேற்று ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் 1,002. எல்லாருக்கும் நன்றி, மனசார.

கையெடுத்துக் கும்பிட்டு ஒரு நிமிஷ வீடியோ போட்டுவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் உங்களிடம் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. நான் முதன்முதலாகப் போட்ட பருத்திப்பால் வீடியோ தப்பு. கொஞ்சநஞ்சத் தப்பில்லை, மூன்று இடத்தில் தப்பு. அதைப் பார்த்துச் செய்து, கசந்துபோய்க் கீழே ஊற்றியவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள், சொல்லியும் இருக்கிறீர்கள். திட்டாமல் பொறுமையாக எங்கே தப்பு என்று எடுத்துச் சொன்னவர்களும் நீங்கள்தான். திருமங்கலம் பக்கம் பருத்தி போடுகிற ஒரு அண்ணன் விதையைப் பற்றிச் சொன்னார், பேரையூரிலிருந்து ஒரு மதினி ஆட்டுகிற பக்குவத்தைச் சொன்னார், வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி என்னுடையது திரிந்து போயிருக்கிறது என்று படத்தை நிறுத்திக் காட்டினான். ஆகவே இந்த நன்றி, அந்தச் செய்முறையை முதலிலிருந்து சரியாக எழுதிக் கொடுப்பதுதான். அளவெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நானே செய்து, அளந்து எழுதியது. ஆறு டம்ளருக்கு வரும்.

தேவையானவை

பருத்தி விதை 200 கிராம். பச்சரிசி 3 மேசைக்கரண்டி. கருப்பட்டி 200 கிராம். தேங்காய் ஒரு மூடி. சுக்குத்தூள் ஒரு டீஸ்பூன், ஏலக்காய் நாலு, உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் பால் எடுக்க ஒரு லிட்டர், கருப்பட்டி கரைக்கவும் அரிசி அரைக்கவும் தனியாக ஒரு டம்ளர் ஒரு டம்ளர். அப்புறம் பழைய வேட்டித் துணி ஒன்று. இந்தத் துணி இல்லாவிட்டால் இன்றைக்குச் செய்ய வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: சரியான விதை

பாதிப் பிழை இங்கேதான் நடக்கிறது, அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பருத்தி விதை மூன்று இடத்தில் கிடைக்கும்: விதைக் கடை, மாட்டுத்தீவனக் கடை, நாட்டு மருந்துக் கடை. விதைக் கடையில் விற்பது விதைப்பதற்கான விதை. அது ஒருபோதும் வேண்டாம். பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள், கலந்தது தெரிவதற்காகச் சிவப்போ பச்சையோ நீலமோ சாயம் ஏற்றியிருப்பார்கள். பஞ்சை நீக்க அமிலத்தில் போட்டு எடுத்திருப்பதால் வழுவழுவென்று பார்க்க அழகாகவும் இருக்கும். என் முதல் வீடியோவில் "சுத்தமான, வழுவழுப்பான விதையாகப் பார்த்து வாங்குங்கள்" என்று நான் சொல்லி வைத்திருந்தேன். திருமங்கலத்து அண்ணன் எழுதியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "தங்கச்சி, வழுவழுப்பா இருந்தா அது நிலத்துக்கு, பஞ்சு ஒட்டியிருந்தா அது மாட்டுக்கு, உனக்கும் அதுதான்." அன்றைக்கு ராத்திரியே அந்த வரியை எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ என்று இன்னும் உறுத்துகிறது. கழுவினால் மருந்து போய்விடாதா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், போகாது.

நமக்கு வேண்டியது ஜின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்தபிறகு வருகிற விதை. அழுக்கு வெள்ளையாக, சாம்பல் பூத்த மாதிரி, மேலெல்லாம் குட்டைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைப்பது இதுதான். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் சலித்துப் பொட்டலம் போட்டிருப்பார்கள், விலை கூடுதல், ஆனால் கல்லும் தூசியும் குறைவு. நான் கீழமாசி வீதிப் பக்கம் போகிறபோது மருந்துக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். கடைக்காரரிடம் "குடிக்கிறதுக்கு, பருத்திப்பாலுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம், மதுரையில் இது யாருக்கும் வினோதமாகப் படாது.

கையில் வாங்கியதும் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பாருங்கள். மக்கின வாடை, ஈரக் கோணிச்சாக்கு வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பருத்தி விதையில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலையில் வருகிற அதே அஃப்ளாடாக்சின் நஞ்சு இதிலும் வரும், கொதிக்க வைத்தால் போகிற சங்கதி இல்லை அது. அப்புறம் பத்து விதையைப் பல்லாலோ பாக்குவெட்டியாலோ உடைத்துப் பாருங்கள். உள்ளே பருப்பு இளமஞ்சளாக, அங்கங்கே கரும்புள்ளியோடு இருந்தால் நல்ல விதை. பருப்பே பழுப்பேறி, சுருங்கி இருந்தால் பழசு. பத்துக்கு இரண்டு மூன்று போனால் பரவாயில்லை, பாதிக்குப் பாதி போனால் அந்தக் கடை வேண்டாம்.

ஊறவைப்பதும் கழுவுவதும்

ராத்திரி ஒன்பது மணிக்கு ஊறப்போட்டால் காலை ஆறு மணிக்குச் சரியாக இருக்கும். எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, வெயில் காலத்தில் பத்து மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது, தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். மதுரை சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போட்டவுடன் விதையெல்லாம் மேலே மிதக்கும். "மிதப்பதெல்லாம் சொத்தை, எடுத்துப் போடுங்கள்" என்று பல இடத்தில் சொல்கிறார்கள், அதைக் கேட்டு நான் ஒரு தடவை முக்கால் கிலோ விதையில் அரைக் கிலோவைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். மிதப்பதற்குக் காரணம் மேலே ஒட்டியிருக்கிற பஞ்சில் அடைந்து நிற்கிற காற்று. முதலில் கையால் நன்றாக அலசித் தேய்த்து நனைத்து விடுங்கள். காலையில் ஊறியபிறகும் எது மிதக்கிறதோ அதுதான் சொத்தை, அதை மட்டும் வழித்து எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கைப்பிடிக்கும் குறைவாகத்தான் வந்தது.

பிறகு கழுவல். இரண்டு கையாலும் விதையை உரசி உரசி, தண்ணீர் மாற்றி மாற்றி, ஐந்தாறு தடவை கழுவ வேண்டும். முதல் தண்ணீர் பழுப்பாக, பஞ்சும் தூசியுமாக வரும், கடைசித் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருக்க வேண்டும். பஞ்சு முழுக்கப் போகாது, அதற்காக மெனக்கெட வேண்டாம். ஊறவைத்த தண்ணீரைச் சமையலில் சேர்க்க வேண்டாம், வேரில் ஊற்றுங்கள் போதும்.

விதை ஊறிவிட்டதா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தோல் பிளந்து, பருப்பு வெளியே நழுவ வேண்டும். நகம் வழுக்கினால் இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.

ஆட்டுவதுதான் எல்லாம்

என் அப்பத்தா டி.கல்லுப்பட்டிக்காரி. கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவள். வீட்டில் கறவை மாட்டுக்குத் தினமும் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பார்கள், ஆட்டுகிற அன்றைக்கு முதல் பாலைக் கொஞ்சம் பிழிந்து எங்களுக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு மிச்சம் மாட்டுக்குப் போகும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு ஆட்டினாள் என்பதை நான் கவனிக்கவில்லை. அதுதான் பின்னால் வினையாகப் போனது.

முதல் வீடியோவில் நான் மிக்ஸியில் போட்டு, இட்லி மாவு மாதிரி நைஸாக அரைத்தேன். நிறைய அரைத்தால் நிறையப் பால் வரும் என்று நினைப்பு. வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு, குடித்தால் நாக்கில் துவர்ப்பு, தொண்டையில் மணல் மாதிரி நறநறப்பு. கேமரா முன்னால் "ஆஹா" என்றும் சொல்லி வைத்தேன், அந்தப் பொய்க்கும் சேர்த்து மன்னிப்பு. பேரையூர் மதினி எழுதினார்: "தோலை அரைக்காத, பருப்பை மட்டும் நசுக்கு."

இதுதான் சூட்சுமம். விதையின் கறுப்புத் தோலில் துவர்ப்பு இருக்கிறது, பால் முழுக்க உள்பருப்பில் இருக்கிறது. தோல் பிளந்து பருப்பு நசுங்கினால் போதும். தோல் தூளாகிவிட்டால் எந்தத் துணியாலும் அதைத் தடுக்க முடியாது.

கிரைண்டர் வைத்திருந்தால் அதில் ஆட்டுங்கள், கல் நசுக்கும், பிளேடு மாதிரி வெட்டாது. விதையைப் போட்டு, ஒரு லிட்டரில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். வெள்ளை நுரை எழும்பும், அதில் கறுப்புத் தோல் சீவல் சீவலாக மிதக்கும். தோல் இன்னும் கண்ணுக்கு முழுசாகத் தெரிகிறது, பருப்பு தெரியவில்லை என்றால் நிறுத்த வேண்டிய நேரம். நுரை சாம்பல் நிறத்துக்குத் திரும்பினால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் விதைக்கு மேல் போடாமல், அதே அளவு தண்ணீர் விட்டு, பொத்தானைப் பின்பக்கம் திருப்பி ஐந்து வினாடி, விட்டுவிட்டு இன்னொரு ஐந்து வினாடி, இப்படி ஐந்தாறு தடவை. தொடர்ந்து ஓட விடவே கூடாது. ஜார் சூடாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வேட்டித் துணி. வடிகட்டியில் மட்டும் வடித்தால் தோல் நிற்கும், பஞ்சு நிற்காது. கண்ணுக்கே தெரியாத பஞ்சு இழை பாலோடு இறங்கி, குடிக்கும்போது தொண்டையில் ஒட்டி இருமல் வரும். எனக்கு "உங்க பருத்திப்பால் குடிச்சா தொண்டை அரிக்குது" என்று மூன்று பேர் எழுதினீர்கள், காரணம் இதுதான். துணியை நனைத்துப் பிழிந்துவிட்டு, இரண்டாக மடித்துப் பாத்திரத்தின் மேல் விரித்து ஊற்றுங்கள், மூலைகளைச் சேர்த்து முறுக்கிப் பிழியுங்கள். முதல் பால் இளமஞ்சள் கலந்த வெள்ளையில், கெட்டியாக, பச்சைப் பயறு ஊறிய மாதிரி ஒரு வாசனையோடு வரும்.

சக்கையை மறுபடி கிரைண்டரில் போட்டு, இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர், மூன்று நிமிஷம் ஓட்டிப் பிழிந்தால் இரண்டாம் பால். மீதித் தண்ணீரில் கையாலேயே பிசைந்து மூன்றாம் பால். அதோடு நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றும் சேர்ந்து எனக்கு 900 மில்லி வந்தது. நாலாவதும் எடுத்துப் பார்த்தேன், வெறும் துவர்ப்புத் தண்ணீர்.

எடுத்த பாலைப் பத்து நிமிஷம் அசைக்காமல் வைத்துவிட்டு, மெதுவாக வேறு பாத்திரத்துக்குச் சாயுங்கள். அடியில் ஒரு கறுப்பு வண்டல் நிற்கும், ஒரு கரண்டி அளவுதான், அதை விட்டுவிடுங்கள். பச்சையாக ஒரு வாய் கூடக் குடிக்காதீர்கள், ருசி பார்க்கவும் வேண்டாம்.

அரிசியும் கருப்பட்டியும்

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு நைஸாக அரைத்துக்கொள்ளுங்கள். இதை நைஸாக அரைக்கலாம், அரைக்கத்தான் வேண்டும். கடையில் விற்கிற அரிசி மாவும் போடலாம், ஆனால் ஊறவைத்து அரைத்ததில் வருகிற வழவழப்பு வராது. அரிசியின் வேலை கெட்டிப்படுத்துவது மட்டும் இல்லை, பால் கொதிக்கும்போது திரிதிரியாகப் பிரியாமல் பிடித்து வைப்பதும் அதுதான். சாயங்காலம் பித்தளைப் பானையோடு வருகிற தள்ளுவண்டிக்காரர்கள் இதைவிட அரிசி கூடச் சேர்ப்பார்கள், பாலும் கெட்டியாகத் தெரியும், கட்டுப்படியும் ஆகும். வீட்டுக்கு மூன்று கரண்டி போதும்.

கருப்பட்டியைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரையும் வரை சூடாக்கி வடிகட்டுங்கள். பாகுப் பதமெல்லாம் வேண்டாம். உடன்குடி கருப்பட்டியே ஆனாலும் அடியில் மண்ணும் ஓலைத் துணுக்கும் நிற்கும், வடிகட்டாமல் நேரே போட்டால் ஆட்டும்போது காத்த பக்குவமெல்லாம் இங்கே நறநறத்துப் போகும். கருப்பட்டி இல்லையென்றால் வெல்லம் போடலாம், ஆனால் புது வெல்லமாக இருக்க வேண்டும். நாள்பட்டு வேர்த்து இளகிய வெல்லத்தில் லேசாகப் புளிப்பு ஏறியிருக்கும், பாலில் விட்டதும் திரித்துவிடும். சீனி போட்டால் அது வேறு என்னவோ, பருத்திப்பால் இல்லை.

அடுப்பில்

அடி கனமான பாத்திரம் எடுங்கள். பருத்திப்பால் மாட்டுப்பாலை விடச் சீக்கிரம் அடிப்பிடிக்கும். பாலும் அரிசிக் கரைசலும் இரண்டுமே ஆறியிருக்கும்போதே ஒன்றாகக் கலந்து, உப்பும் போட்டு, அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்ற வையுங்கள். சூடான பாலில் அரிசி மாவை ஊற்றினால் கட்டி கட்டியாக வெந்துவிடும், அப்புறம் கடைந்தாலும் கரையாது.

நடுத்தரத் தீ. முதல் ஏழெட்டு நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், அந்த நேரத்தில்தான் அடியில் படியும், அதனால் மரக்கரண்டியை அடியைத் தொட்டே ஓட்டிக்கொண்டிருங்கள். அப்புறம் திடீரென்று கரண்டி கனக்கும், நுரை பொங்கும். தீயைக் குறைத்துவிடுங்கள். கொதி வந்த நேரத்திலிருந்து 15 நிமிஷம், சிறு தீயில், கிண்டியபடி கொதிக்க வேண்டும். கொதித்துவிட்டதே என்று ஐந்து நிமிஷத்தில் இறக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு நேரம் என்றால், பருப்பை உடைத்துப் பார்த்தபோது தெரிந்ததே கரும்புள்ளி, அதில் காசிபோல் என்று ஒரு மஞ்சள் நிறமி இருக்கிறது. பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் செடி வைத்திருக்கிற சாமான் அது. மாட்டின் வயிறு பெருமளவு அதைச் சமாளித்துவிடும், நம் வயிற்றுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. நன்றாகக் கொதிக்கும்போது அது பாலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வீரியம் குறைகிறது. குறைகிறது என்றுதான் சொல்கிறேன், முழுக்கப் போய்விடும் என்று சொல்லவில்லை. இது ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும் என்று தெரிந்து, 1970-களில் சீனாவில் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகவே சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியதும், சிலருக்குப் பாதிப்பு மாறாமல் நின்றுபோனதும் தெரிந்த பிறகு கைவிட்டார்கள். எப்போதாவது ஒரு டம்ளர் குடிக்கிறவர்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் "தினமும் குடிக்கலாமா அக்கா" என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்கும் தம்பதிகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். கைக்குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், அதில் சலுகை கிடையாது.

பால் வெந்துவிட்டதா என்பதை மூக்கு சொல்லும். பச்சைப் பயறு வாசனை போய், வறுத்த கடலை மாதிரி ஒரு மணம் வரும். கரண்டியைத் தூக்கினால் பின்பக்கம் மெல்லிசாக ஒட்டி நிற்க வேண்டும், விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது. இப்போது கருப்பட்டிக் கரைசலை விடுங்கள். சூடாக, மெல்லிய கம்பியாக, கிண்டிக்கொண்டே. விட்டதும் பால் கொஞ்சம் இளகும், பயப்பட வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் மறுபடி கூடி வரும். நிறம் காபி மாதிரி ஆகும்.

தேங்காயில் நான் செய்த மூன்றாவது தப்பு

முதல் வீடியோவில் தேங்காய்ப்பால் எடுத்து, கொதிக்கிற பாத்திரத்தில் ஊற்றி, மேலும் பத்து நிமிஷம் கொதிக்க விட்டேன். நாலாவது நிமிஷத்தில் மேலே எண்ணெய் மிதக்கிறது, ஓரத்தில் திப்பி திப்பியாக நிற்கிறது. எனக்குத் தெரியவில்லை, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. "அக்கா, 11-வது நிமிஷத்துல நிறுத்திப் பாருங்க, திரிஞ்சிருச்சு" என்று எழுதினான். ஆமாம், திரிந்துதான் போயிருந்தது.

தேங்காய்ப்பால் சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் கழித்து, கெட்டியான முதல் பால் மட்டும் அரை டம்ளர் விட்டுக் கலக்குங்கள். மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. நான் இப்போது தேங்காய்ப்பாலே சேர்ப்பதில்லை. ஒரு மூடியையும் பூவாகத் துருவி வைத்துக்கொண்டு, டம்ளரில் ஊற்றியபிறகு மேலே ஒரு கை தூவுகிறேன். சூடான பாலுக்கு நடுவே தேங்காய்ப்பூவை மெல்லுகிற சுகம் தனி, தள்ளுவண்டியிலும் அப்படித்தான் தருகிறார்கள்.

சுக்கும் தட்டிய ஏலமும் இறக்கும்போது போட்டால் போதும். முன்னாலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். சிலர் திப்பிலி, சித்தரத்தையும் சேர்ப்பார்கள், ஆளுக்கொரு பக்குவம், ஆனால் சித்தரத்தை கொஞ்சம் கூடினாலும் கஷாயமாகிவிடும். நெஞ்சுச்சளி போகும், அது போகும் இது போகும் என்று நான் எதையும் சொல்லப் போவதில்லை. சூடான பானத்தில் சுக்கு இருந்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

கசந்தாலோ துவர்த்தாலோ ஆட்டியதில் தப்பு, அதைக் கருப்பட்டி கூடப் போட்டுச் சரிசெய்ய முடியாது, கீழே ஊற்றிவிடுங்கள். தொண்டை அரித்தால் துணியில் தப்பு. மறுபடி மடித்த துணியில் வடித்தால் ஓரளவு சரியாகும். திப்பி திப்பியாக இருந்தால் வெல்லமோ தேங்காய்ப்பாலோ காரணம். குடிக்கலாம், ஆனால் விருந்தாளிக்குக் கொடுக்க முடியாது. அடிப்பிடித்த வாசனை வந்தால் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், பாதியாவது தப்பும். மருந்து வாசனை, பெயிண்ட் வாசனை மாதிரி எதுவும் வந்தால் யோசிக்கவே வேண்டாம், விதையோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

செய்த அன்றைக்கே குடித்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும், ஆனால் களி மாதிரி இறுகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கரைத்து, ஒரு கொதி விட்டால் பழையபடி வரும். வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பருத்தி விதைக்குப் பதில் எதைப் போடலாம் என்று கேட்கிறீர்கள். பாதாமைப் போட்டால் பாதாம் பால் வரும், சோயாவைப் போட்டால் சோயா பால் வரும், அரிசி கருப்பட்டி சுக்கு எல்லாம் சேர்ந்து நன்றாகவும் இருக்கும், ஆனால் அதைப் பருத்திப்பால் என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. ஊருக்கு வரும்போது குடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு விற்கிற விதையை வாங்கி மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இது: ஆறு மணிக்கு ஆரம்பித்தேன், கழுவி முடிக்க ஆறே கால், மூன்று பாலும் எடுக்க ஏழு மணி, அடுப்பில் ஏற்றி இறக்க ஏழே முக்கால். ஆறு டம்ளர். நாலு எங்கள் வீட்டில், ஒன்று மாடி வீட்டு மாமிக்கு, ஒன்று எதிர்வீட்டுப் பெரியவருக்கு. சக்கையைத் தெருக்கோடியில் பால் கறக்கிற வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன், அந்த அக்கா வாளிக்குள் பார்த்துவிட்டு, "என்ன இது, பாலு பூராத்தையும் நீயே பிழிஞ்சிட்டியே, மாட்டுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

பழைய வீடியோவை எடுக்கவில்லை, தப்பு எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக விட்டு வைத்திருக்கிறேன், ஆனால் மேலேயே "இதைப் பார்த்துச் செய்யாதீர்கள்" என்று எழுதிவிட்டேன். நீங்கள் செய்தால், எதில் ஆட்டினீர்கள், முதல் பால் என்ன நிறத்தில் வந்தது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். மிக்ஸிக்காரர்களின் பக்குவத்தை இன்னும் சரியாகச் சொல்ல எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.